பிள்ளையார்பட்டிக் கட்டுரை: கேள்வி நேரத் தயாரிப்பு (புதுப்பிப்பு)

முன்பு கேட்டது: "காரைக்குடி கருத்தரங்கில் பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலின் காலம் பற்றிக் கட்டுரை. 'எங்க பிள்ளையாரோட வயசைக் குறைக்க வந்தீங்களா?'னு கேட்டா என்ன சொல்றது?"

புதுப்பிப்பு: பதில்களுக்கு நன்றி. அதிகம் உதவியது கல்வெட்டுத்துறை ஐயா சொன்னதுதான். குடைவரைக்குள் இருக்கும் சிறு கல்வெட்டில் அரசன் பெயரும் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை; ஓர் ஆளின் பெயர் மட்டும். அதையும் "பெருந்தச்சன்" என்றும் "பெருபரணன்" என்றும் இருவிதமாகப் படித்திருக்கிறார்கள். காலம் சொல்வது எழுத்தின் வடிவத்தை வைத்து. அதனால் ஒரே ஆண்டைச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். நூற்றாண்டுக் கணக்கில்தான் பேச முடியும். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படியைக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் தனியே வைத்துக்கொள்ளச் சொன்னார், கேட்டால் மட்டும் காட்ட.

"அது என் ஆய்வு எல்லைக்குள் வராது" என்று முடிக்கச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி. வழிபாட்டின் பழமைக்கு அது பொருந்தும்; காலக்கணிப்புக்குச் சொன்னால் நழுவுவதாகத்தான் படும்.

முடிவு செய்த பதில்: "கல்வெட்டு எப்போது வெட்டப்பட்டது என்பதைத்தான் எழுத்து சொல்லும். அந்த இடத்தில் வழிபாடு எப்போது தொடங்கியது என்று அது சொல்லாது." இவ்வளவுதான், அரை நிமிடம். பிறகு அடுத்த கேள்வி.

ஆச்சி ஒருவர் தங்கள் நகரத்தார் கோயிலின் கும்பாபிஷேக ஆண்டைக் கேட்டிருந்தார். அது வேறு விஷயம் ஆச்சி, தனியாகப் பேசலாம்.

மூலவர் படத்தைத் திரையில் காட்டலாமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. இப்போதைக்குக் கோட்டோவியம்.