பொருள்: கொத்து மாதிரியின் ‘டிசைன் எஃபெக்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி:

வணக்கம். கணக்கெடுப்புக்குக் களத்துக்குப் போகிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ராட்டிஃபைடு என்பதற்கு அடுக்கு மாதிரி, கிளஸ்டருக்குக் கொத்து மாதிரி என்று வைத்துக்கொண்டேன். இவை இரண்டும் படிக்கிறவருக்கு உடனே புரிகின்றன. டிசைன் எஃபெக்டில்தான் பேனா நின்றுவிட்டது. ‘வடிவமைப்பு விளைவு’ என்று எழுதிப் பார்த்தேன். அட்டைப்பட வடிவமைப்பைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. அது ஒரு எண் என்பதே அதில் தெரியவில்லை. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

மருதன்:

‘கொத்து வீக்கம்’ என்று வைக்கலாமே. ஒரே ஊரில் இருப்பவர்கள் பல விஷயங்களில் ஒரே மாதிரி இருப்பார்கள். அங்கே இருபதாவது வீட்டைக் கேட்கும்போது புதிதாகத் தெரிந்துகொள்வது கொஞ்சம்தான். அதனால் மதிப்பீடு மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறும் என்பதை அளக்கும் பரவற்படி வீங்குகிறது. எவ்வளவு வீங்குகிறது என்பதற்கு `1 + (m − 1)ρ` என்ற சூத்திரம் இருக்கிறது. m என்பது ஓர் ஊரில் எடுக்கும் வீடுகள், ρ என்பது ஊருக்குள் இருக்கும் ஒற்றுமை. அடுக்கு மாதிரியில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அடுக்கு பிரித்தால் துல்லியம் கூடத்தான் செய்யும். ஆகவே கொத்தைப் பெயரிலேயே வைத்துவிடுவது நல்லது.

இளங்கோ:

மருதன் தம்பி சொன்ன சூத்திரம் சரி. ஆனால் பெயரை அந்தச் சூத்திரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. லெஸ்லி கிஷ் 1965இல் இதை விளக்கியபோது கொத்தோடு நிறுத்தவில்லை. நாம் எடுத்த மாதிரியின் பரவற்படியை, அதே எண்ணிக்கையில் எளிய சமவாய்ப்பு மாதிரி எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் பரவற்படியால் வகுப்பது, அவ்வளவுதான். எந்த மாதிரித் திட்டத்துக்கும் அது பொருந்தும். நல்ல அடுக்கு மாதிரியில் அது 1க்குக் கீழே போகும், அப்போது ‘வீக்கம்’ என்ற பெயர் நிற்காது.

அடுக்கு என்றாலே துல்லியம் கூடும் என்பதும் பாதிதான் உண்மை. மக்கள்தொகையில் 90 சதவீதம் ஓர் அடுக்கிலும் 10 சதவீதம் இன்னோர் அடுக்கிலும் இருக்கிறது என்று வையுங்கள். சிறிய அடுக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இரண்டிலும் சம எண்ணிக்கை எடுக்கிறோம். நாம் அளக்கும் விஷயத்தில் இரண்டு அடுக்குகளும் ஒரே மாதிரி என்றால், மொத்தச் சராசரிக்கு இந்த எண் 2 × (0.81 + 0.01), அதாவது 1.64. ஒரு கொத்துகூட இல்லை, ஆனாலும் பரவற்படி கூடிவிட்டது. அந்தந்த அடுக்கின் பங்குக்கு ஏற்ப மாதிரியைப் பிரித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண் எதற்கு என்பது புரியும். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

400 ஊர்கள் உள்ள ஒரு பகுதி. குழாய்த் தண்ணீர் வரும் வீடுகள் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும். ஒரு வீட்டில் பேட்டி எடுக்கும் செலவை 1 அலகு என்று வைப்போம். ஓர் ஊருக்குப் போய்வருவதற்கும் அங்கே வீட்டுப் பட்டியல் எடுப்பதற்கும் 16 அலகு. கையில் 1,200 அலகு. ஊருக்கு 24 வீடு என்றால் ஓர் ஊருக்கு 40 அலகு, 30 ஊர், மொத்தம் 720 வீடு. குழாய் ஓர் ஊருக்கு வந்தால் பெரும்பாலும் ஊர் முழுக்க வரும், ஆகவே ρ பெரியது. 0.3 என்று வைத்தால் எண் 7.9. 720ஐ அதால் வகுத்தால் 91. இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை 720 வீட்டுக்குப் போனதன் பலன், 91 வீட்டைச் சமவாய்ப்பில் எடுத்ததன் பலன்தான். பிழை எல்லை 4 புள்ளிக்கும் குறைவு என்று அறிக்கையில் எழுதுவார்கள். உண்மையில் அது 10 புள்ளி.

இதைப் பார்த்ததும் கொத்து மாதிரியே வேண்டாம் என்று தோன்றும். சரி, சமவாய்ப்பில் வீடுகளை நேரே எடுத்தால்? 400 ஊரில் சிதறிக் கிடக்கும், ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பயணம். 17 அலகுக்கு ஒரு வீடு, அதே பணத்துக்கு 70 வீடு. எல்லா ஊருக்கும் வீட்டுப் பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பது தனித் தொல்லை. 7.9 என்ற எண் பயமுறுத்தினாலும், அதே காசுக்குக் கொத்துதான் ஜெயிக்கிறது. இந்த எண் ஒரே எண்ணிக்கையுள்ள மாதிரிகளை ஒப்பிடுகிறது. ஒரே செலவுள்ள மாதிரிகளை அது ஒப்பிடுவதில்லை. நாம் வைக்கும் சொல் இதை மறைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பரிதி:

ஐயா, எங்கள் ஆய்வில் 12 பள்ளிகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 மாணவர்களுக்குத் தேர்வு வைத்தோம். பள்ளிவாரியாகப் பிரித்ததால் இது அடுக்கு மாதிரிதானே? அப்படியென்றால் எங்களுக்கு இந்த எண் 1க்குக் கீழே வரும், 600 பேர் என்பது 600க்கு மேல் பலன் தரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

செல்வி:

பரிதி, கையேட்டில் இதற்கு ஒரு சோதனை எழுதியிருக்கிறேன். பிரித்த எல்லாக் குழுவுக்கும் போனீர்களா, சிலவற்றுக்கு மட்டும் போனீர்களா? எல்லாவற்றுக்கும் போயிருந்தால் அடுக்கு. சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குள் மட்டும் போயிருந்தால் கொத்து. உங்களுடையது கொத்து. அடுக்கு என்றால், ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பது நமக்கு நல்லது. கொத்தில் நேர் எதிர்: ஒவ்வொரு கொத்தும் மொத்த மக்களைப் போலவே கலவையாக இருந்தால்தான் நல்லது. பள்ளிகள் அப்படி இருப்பதில்லை.

இளங்கோ:

தேர்வு மதிப்பெண்ணுக்குப் பள்ளிக்குள் ஒற்றுமை 0.2 என்பது ஆச்சரியப்படத்தக்க அளவல்ல. அப்படி இருந்தால் 1 + 49 × 0.2 = 10.8. உங்கள் 600 பேர் 56 பேருக்குச் சமம். இனி செய்யப்போகும் ஆய்வு என்றால் பள்ளிக்கு 15 பேர் எடுத்து, மிச்சமாகும் காசில் பள்ளிகளைக் கூட்டுங்கள். தரவு எடுத்தாகிவிட்டது என்றால், பள்ளியைக் கொத்தாகக் கொடுத்துப் பிழை எல்லையைக் கணக்கிட்டு, வருவதை அப்படியே எழுதுங்கள்.

தண்ணீர்க் கணக்குக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ஊருக்கு எத்தனை வீடு என்பதுதான் நம் கையில் இருக்கும் திருகு. 24க்குப் பதில் 8 வீடு எடுத்தால் 50 ஊருக்குப் போகலாம், மொத்தம் 400 வீடுதான். ஆனால் தண்ணீர்க் கேள்விக்குப் பலன் 91இலிருந்து 129 ஆகிறது. அதே படிவத்தில் ஊருக்கு ஊர் அதிகம் மாறாத இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்கு ρ 0.06 என்று வைப்போம். அதற்கு 24 வீட்டுத் திட்டம் சுமார் 300, 8 வீட்டுத் திட்டம் சுமார் 280. ஒரே கணக்கெடுப்பு, ஒரே பணம், கேள்விக்குக் கேள்வி எண் வேறு. ‘இந்தக் கணக்கெடுப்பின் டிசைன் எஃபெக்ட் 2’ என்று ஒற்றை எண்ணாக யாராவது சொன்னால், எந்தக் கேள்விக்கு என்று கேளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அடுக்கு, கொத்து இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஊர்களையே அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சில ஊர்களை எடுக்கலாம். பெரிய குழாய்ப் பாதைக்கு அருகே இருப்பவை பாதி, தூரத்தில் இருப்பவை பாதி. முதல் வகையில் 72 சதவீத வீடுகளுக்குத் தண்ணீர், இரண்டாவதில் 28 சதவீதம் என்றால், ஊர்களுக்கு இடையிலான வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடுக்கிலேயே அடங்கிவிடுகிறது. அதே 30 ஊர், அதே 720 வீடு, 15 ஊர் இங்கே, 15 ஊர் அங்கே. பலன் 91இலிருந்து சுமார் 220 ஆகிறது. களச் செலவு ஒரு காசுகூடக் கூடவில்லை. எந்த ஊர் குழாய்க்கு அருகே என்ற தகவல் முன்கூட்டியே இருந்தால் போதும். குழாய்க்குச் சம்பந்தமில்லாத கேள்விகளுக்கு இந்தப் பிரிவால் பலன் இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நிலா:

அடுக்கைப் பார்த்ததும் ஆசைப்பட்டு நுணுக்கமாகப் பிரித்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 30 ஊருக்கு 28 அடுக்கு! பல அடுக்குகளில் ஒரே ஓர் ஊர் மிஞ்சும். ஒற்றை ஊரை வைத்து அந்த அடுக்குக்குள் ஊர்கள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று கணக்கிட வழியில்லை. ஆர் மொழியில் survey தொகுப்பு அங்கேயே நின்றுவிடும். அடுக்குக்குக் குறைந்தது இரண்டு கொத்து வேண்டும், யாராவது ஊரையே விட்டுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து மூன்று வைப்பது இன்னும் நல்லது.

செய்யும் முறை இவ்வளவுதான். `oor` ஊர், `adukku` அடுக்கு, `edai` ஒவ்வொரு வீட்டின் எடை:

```r
d <- svydesign(ids = ~oor, strata = ~adukku,
               weights = ~edai, data = v)
svymean(~kuzhai, d, deff = TRUE)
```

கடைசி நெடுவரிசையில் `DEff` என்று ஒரு எண் வரும், நாம் பெயர் தேடிக்கொண்டிருப்பது அதற்குத்தான். `ids` இடத்தில் `~1` என்று போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், திட்டப்பிழை திடீரென்று சுருங்கும். சுருங்கினால் தரவு நல்ல தரவு என்று அர்த்தமில்லை. கொத்தை மறைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

பெயருக்கு என் யோசனை: வகுத்து வருவதால் ‘மாதிரித் திட்ட ஈவு’. ஈவு எல்லாருக்கும் பள்ளிக்கூடக் கணக்கிலேயே பழக்கம். 1க்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். அப்புறம், இளங்கோ ஐயா ‘பலன்’ என்று சொல்லிக்கொண்டே வந்த அந்த 91க்கு ‘நிகர மாதிரி அளவு’. பொட்டலத்தில் மொத்த எடை, நிகர எடை என்று போடுகிற மாதிரி, மொத்தம் 720, நிகரம் 91.

மருதன்:

1.64 கணக்கைப் போட்டுப் பார்த்தேன், வருகிறது. ‘கொத்து வீக்கம்’ வேண்டாம், சரி. ஆனால் ‘திட்டம்’ என்று வந்தாலே படிக்கிறவர் அரசுத் திட்டம், வளர்ச்சித் திட்டம் என்றுதான் நினைப்பார். நான் ‘மாதிரியமைப்பு ஈவு’ என்பேன். ρவுக்கு ‘கொத்தொருமை’ என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இளங்கோ:

கொத்தொருமை நன்றாக இருக்கிறது. அது மிக அரிதாக எதிர்மறையாகவும் வரும், அப்போது ‘ஒருமை’ கொஞ்சம் உறுத்தும், பரவாயில்லை. நிகர மாதிரி அளவையும் எடுத்துக்கொள்ளலாம். ஈவில்தான் எனக்குத் தயக்கம். முறைப்படி ‘விகிதம்’ போதுமே, ஈவு என்றால் மீதி எங்கே என்று கேட்பார்கள்.

செல்வி:

கையேட்டில் கொத்தொருமை, நிகர மாதிரி அளவு இரண்டையும் போட்டுவிடுகிறேன். களத்துக்குப் போகிறவரிடம் 7.9 என்பதைவிட ‘720இல் நிகரம் 91’ என்று சொன்னால் உடனே உறைக்கும். ஈவா விகிதமா என்பதை இன்னும் பேசலாம். அதுவரை அந்த இடத்தில் டிசைன் எஃபெக்ட் என்றே விடுகிறேன், பக்கத்திலேயே எந்தக் கேள்விக்கு உரியது என்று எழுத ஒரு கட்டமும் வைக்கிறேன்.

பரிதி:

12 பள்ளிகளில் 5 அரசுப் பள்ளி, 7 தனியார். குலுக்கியது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு. இப்போது அதை அடுக்காகச் சொல்லிக் கணக்கிட்டால் தப்பா?

நிலா:

குலுக்கியபோது பிரிக்காததை `strata` என்று கொடுக்கக் கூடாது. ஆனால் மொத்தப் பள்ளிகளில் அரசு எத்தனை, தனியார் எத்தனை, ஒவ்வொன்றிலும் மாணவர் எத்தனை என்ற எண் கையில் இருந்தால், எடுத்த பிறகு எடையைச் சரிசெய்ய `postStratify` இருக்கிறது. 12 பள்ளியை வைத்து அது எவ்வளவு உதவும் என்பது வேறு பேச்சு. எண்களை அனுப்புங்கள், பார்க்கலாம்.