வெங்காயத்துல ஊதாப் புள்ளி, கூடவே பூத்தண்டு: உங்க காட்டுல பாத்ததச் சொல்லுங்க

தாளவாடிக்காரன்

வணக்கமுங்க. நாலு போட்டோ போட்டிருக்கேன், பெரிய வெங்காயம், ஒன்றரை ஏக்கரு. மொத போட்டோவுல தாள் மேல கண்ணு மாதிரி ஒரு புள்ளி தெரியுதுல்ல, நடுவுல ஊதா, சுத்தி வளையம் வளையமா, வெளி ஓரம் மஞ்சள். அது ஜனவரி நடுவுல எடுத்தது, ஒரு வாரம் முன்னாடி அதே இடத்துல மொளகு சைஸுக்கு வெள்ளையா குழி விழுந்தாப்ல ஒரு பொட்டுதான் இருந்துச்சு, நான் பேன் அடிச்சதுன்னு நெனச்சு விட்டுட்டேன். ரெண்டாவது போட்டோவுல அதே புள்ளி பூத்தண்டுல வந்து, தண்டு அந்த எடத்துலயே மடிஞ்சு தொங்குது. மூணும் நாலும் வயலோட மொத்த போட்டோ, தூரத்துல இருந்தே வெள்ளை வெள்ளையா பூ மொட்டு தெரியும் பாருங்க, காய் இன்னும் எலுமிச்ச அளவு கூட இல்ல.

மருந்துக் கடையில போட்டோவ காட்டுனதுக்கு ரெண்டுக்கும் ஒரே நோய்தான்னு சொல்லி ஒரு டானிக்கும் ஒரு பூஞ்சாண மருந்தும் குடுத்தாங்க, அடிச்சு பதினஞ்சு நாளாச்சு, புள்ளி கொஞ்சம் நின்ன மாதிரி இருக்கு ஆனா பூத்தண்டு நாளுக்கு நாள் ஏறிட்டேதான் இருக்கு. உங்களுக்கு இப்படி வந்திருக்கா?

ராசாத்தி (ஒட்டன்சத்திரம்)

தம்பி, அது ரெண்டும் வேற வேற. முப்பது வருசமா வெங்காயம் போடறேன், ரெண்டையும் ஒண்ணா பாத்து மருந்துக்கு காச விட்டவங்க எங்க பக்கம் நெறைய. புள்ளி வர்றது பூஞ்சாணத்தால. பூத்தண்டு வர்றது குளுருனால, அதுக்கு எந்த மருந்தும் கெடையாது. ஆனா ரெண்டும் ஒண்ணா தெரியறதுக்கு காரணம் இருக்கு, பனி விழுற மாசத்துலதான் ரெண்டும் வரும், போதாததுக்கு பூத்தண்டு மேலயும் அந்தப் பூஞ்சாணம் நல்லா ஏறும். உன் ரெண்டாவது போட்டோ அதுதான்.

நாத்து என்னைக்கு விட்ட, என்னைக்கு நட்ட? அத சொல்லு மொதல்ல.

பெரம்பலூர் மணி

எங்க சின்ன வெங்காயத்துலயும் இதேதான் போன வருசம், தாள் எல்லாம் சுருண்டு பாம்பு மாதிரி நெளிஞ்சு, கழுத்து நீண்டு போச்சு, காய் பிடிக்கல. எங்க ஊருல எல்லா காட்டுலயும் வந்துச்சு.

ராசாத்தி (ஒட்டன்சத்திரம்)

மணி, நீ சொல்றது திருகல் நோய்ப்பா, அது வேற பூஞ்சாணம். மழ நேரத்துல தண்ணி நின்னா வேகமா பரவும். தம்பியோட போட்டோவுல தாள் நேராதான் நிக்குது பாரு, புள்ளி மட்டும்தான்.

தாளவாடிக்காரன்

அக்கா, ரெண்டு நாத்தங்கால் விட்டேங்க. மொதலாவது செப்டம்பர் 10, ரெண்டாவது அக்டோபர் 5. மொத நாத்த நாப்பத்தஞ்சு நாள்ல புடுங்கி நட்டிருக்கணும், மழ விடாம பேஞ்சு ஓட்ட முடியல, அப்பறம் மோட்டார் வேற போயிடுச்சு. கடைசியில ரெண்டையும் ஒண்ணா நவம்பர் 19 அன்னைக்கு நட்டோம். மொத நாத்து அப்ப எழுபது நாள், அடித்தண்டு பென்சில் மொத்தம், ஆளுங்களே "என்னங்க இது தாளு இவ்ளோ பெருசா"ன்னாங்க. மேல் பாதி காடு அந்த நாத்து, கீழ் பாதி சின்ன நாத்து. விதை ஒரே பாக்கெட்டு, ஒரே கடை.

வெங்காய வியாபாரி

விதைதாங்க பிரச்சன. இப்ப எல்லாம் கலப்பட விதை, பூக்கற ரகத்த கலந்து விக்கறாங்க. கம்பெனி மேல கேஸ் போடுங்க.

ராசாத்தி (ஒட்டன்சத்திரம்)

விதையால பூக்கறதும் உண்டு, இல்லேங்கல, ரகத்துக்கு ரகம் வித்தியாசம் இருக்கு. ஆனா இங்க ஒரே பாக்கெட்டு ரெண்டு பாதியிலயும் இருக்கே. தம்பி, மேல் பாதியில ஒரு வரிசையில நூறு செடி எண்ணு, எத்தன பூத்திருக்குன்னு பாரு, கீழ் பாதியிலயும் அதே மாதிரி எண்ணு. ரெண்டும் ஒண்ணா இருந்தா வியாபாரி சொல்றது சரி.

எண்ணும்போது தாளையும் தண்டையும் மாத்தி எண்ணிடாத. விரல்ல பிடிச்சுப் பாரு, தாள் ஒரு பக்கம் தட்டையா இருக்கும், அமுக்குனா அமுங்கும். பூத்தண்டு உருண்டையா வெறப்பா நிக்கும், பாதிக்குக் கீழ கொஞ்சம் உப்பி இருக்கும், நுனியில தோல் மூடுன மொட்டு.

தாளவாடிக்காரன்

எண்ணிட்டேங்க. மூணு மூணு எடத்துல எண்ணுனேன். மேல் பாதியில நூத்துக்கு 24, 19, 27. கீழ் பாதியில 2, 4, 3. எனக்கே நம்ப முடியல, நடுவுல ஒரு வாய்க்கால்தான்.

ராசாத்தி (ஒட்டன்சத்திரம்)

அப்பறம் என்ன, நாத்து வயசுதான். சின்னச் செடிக்கு குளுரு உறைக்காது, வெறுமனே மெதுவா வளரும். அடித்தண்டு பென்சில் மொத்தத்த தாண்டினப்பறம் தொடர்ந்து சில வாரம் ராத்திரி குளுருனா, அது குளுர் காலம் முடிஞ்சிருச்சு, விதை வைக்கணும்னு முடிவு பண்ணிக்கும். வெங்காயம் இயல்பா ரெண்டு பருவத்துச் செடி, மொத பருவம் காய், அடுத்தது பூ. உன் ஊரு மலை மேல, டிசம்பர் ஜனவரியில ராத்திரி குளுரு எங்க ஊர விட அதிகம், அதனால எழுபது நாள் நாத்து மாட்டிக்கிச்சு. முடிவு உள்ள எடுத்து பல நாள் கழிச்சுதான் தண்டு வெளிய தெரியும், அப்ப எத ஊத்துனாலும் திரும்பாது. தழைச்சத்து பத்தாம போனாலும் பூக்கறது கூடும், ஆனா இப்பப் போய் யூரியாவ கொட்டாத, தாள் கொழுத்தா புள்ளிக்குதான் லாபம்.

மாடித்தோட்டம் விஜி

என் தொட்டியிலயும் ஒரு வெங்காயம் பூத்திருக்கு, ரொம்ப அழகா இருக்கு! சமையல்கட்டுல முளைவிட்டத நட்டேன். அந்தப் பூவ பொரியல் பண்ணலாமா?

ராசாத்தி (ஒட்டன்சத்திரம்)

இளசா இருக்கப்ப பண்ணலாம் விஜி. முழு வெங்காயத்த நட்டா பூக்கத்தான் செய்யும், அது ஏற்கனவே மொத பருவம் முடிச்சது. மருந்தடிச்ச காட்டுப் பூவ மட்டும் யாரும் சமைக்காதீங்க.

தாளவாடிக்காரன்

புள்ளிக்கு என்னங்க பண்றது? டிசம்பர்ல இருந்து காலையில எட்டரை வரைக்கும் மூடுபனி. கரண்ட்டு ராத்திரிதான் வருதுன்னு ரெயின் ஹோஸ்ல சாயங்காலம் ஏழு மணிக்கு தண்ணி விடறேன்.

ராசாத்தி (ஒட்டன்சத்திரம்)

அதுதான் முக்கியம், அத மொதல்லயே சொல்லிருக்கணும். சாயங்காலம் நனைஞ்ச தாள் மறுநாள் காலை வரைக்கும் காயவே இல்ல. அந்தப் பூஞ்சாணம் முளைச்சு உள்ள போக ஈரம்தான் வேணும். தண்ணிய தொட்டியில நிரப்பி வெச்சு வெயில் ஏறினப்பறம் விடு, முடியாதுன்னா வாய்க்கால்லயாவது பாச்சு.

மருந்து, மேன்கோசெப் பதினாறு லிட்டர் டேங்குக்கு 40 கிராம். பத்து பன்னெண்டு நாள் கழிச்சு அடுத்த சுத்துக்கு டைஃபென்கோனசோல் 16 மில்லி, அதையே மறுபடி மறுபடி அடிக்காத. ரெண்டுலயும் ஒட்டுப்பசை கண்டிப்பா கலக்கணும். வெங்காயத் தாள்ல மெழுகு இருக்கு, பசை இல்லாம அடிச்சா தாமரை இலையில தண்ணி உருண்ட மாதிரி மருந்து உருண்டு மண்ணுக்குப் போயிடும். பேன் இருந்தா அதையும் பாரு, அது சுரண்டுன எடத்துலதான் புள்ளி சுலபமா ஏறும். கருகி விழுந்த தாள வரப்புல போடாத, எரிச்சிரு.

தாளவாடிக்காரன்

பசை கலக்கலைங்க. கடையில சொல்லல. பூத்தண்ட ஒடிச்சு விடலாமுங்களா?

பெரம்பலூர் மணி

நாங்க மொட்டுலயே கிள்ளிடுவோம், காய் கொஞ்சம் தேறும்.

ராசாத்தி (ஒட்டன்சத்திரம்)

நான் கிள்ள மாட்டேன். தண்டு உள்ள குழாய் மாதிரி, ஒடிச்சா பனித்தண்ணி நேரா காய்க்குள்ள எறங்கி கழுத்து அழுகுது, என் காட்டுல பாத்திருக்கேன். மணி ஊருல காஞ்ச நேரத்துல கிள்றதால தப்பிக்குதோ என்னவோ.

தாளவாடிக்காரன் (மார்ச் 14)

அறுவடை முடிஞ்சுதுங்க. ரெண்டு வரிசைய கிள்ளி, ரெண்டு வரிசைய அப்படியே விட்டுப் பாத்தேன். கிள்ளுனதுல காய் கொஞ்சம் பெருசுதான், ஆனா நாலஞ்சு கழுத்து அழுகல். பூத்த காய அறுத்தா நடுவுல கட்டையா குச்சி மாதிரி நிக்குது, பட்டறையில போட்டா தாங்காதுன்னு அக்கா சொன்னதால அத தனியா பொறுக்கி அன்னைக்கே கம்மி வெலைக்கு தள்ளிட்டேன். கீழ் பாதி காய் மட்டும் பட்டறையில கெடக்கு. தண்ணிய பகலுக்கு மாத்தி பசை சேத்து ரெண்டு தடவ அடிச்சப்பறம் வந்த புதுத் தாள்ல புள்ளி ரொம்பக் கம்மி, பழைய தாளு கருகுனது கருகுனதுதான். அடுத்த தடவ நாத்து அறுபது நாள தாண்டிட்டா மறுபடி விதை வாங்கி விடறதா, இல்ல மெல்லிசா இருக்கற நாத்த மட்டும் பொறுக்கி நடறதா, யாராவது செஞ்சு பாத்திருந்தா சொல்லுங்க.