ஒத்தக்கடை பக்கம் மனை அளந்து பார்க்க ஆள் தேவை

வணக்கம். துபாயிலிருந்து எழுதுகிறேன். ஒத்தக்கடை பக்கம் 30-க்கு 40 அடி மனை ஒன்று பேசியிருக்கிறோம். அட்வான்ஸ் அனுப்பும் முன் நேரில் அளந்து பார்க்க மதுரையில் யாராவது உதவ முடியுமா? கூலியும் வண்டிச் செலவும் தருகிறேன்.

வில்லங்கம், பட்டா இரண்டையும் இங்கிருந்தே ஆன்லைனில் பார்த்துக்கொள்வேன். கல் எங்கே நட்டிருக்கிறது என்பது அவற்றில் தெரியாது. நான்கு பக்கத்தோடு மூலைக்கு மூலை குறுக்கேயும் டேப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் 50 அடி வர வேண்டும். ஒன்று 52, மற்றது 48 என்றால் பரப்பு பெரிதாகக் குறையாது, ஆனால் மனை கோணல் அல்லது கல் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் சர்வேயர் வராமல் பணம் தரமாட்டேன்.

புலப்பட நகல் அனுப்புகிறேன். அதில் வாய்க்கால் இருந்து, தரையில் மண் மூடியிருந்தால் அந்த இடத்தைக் கட்டாயம் போட்டோ எடுங்கள். பக்கத்து மனைக்காரரிடமும் எல்லையைக் கேட்டுவிடுங்கள், அண்ணே.