அம்மாவப் பத்தி எழுதுனத வாசிச்சா, "ஏத்தா, இது யாரப் பத்தி?"ன்னு சின்னம்மா கேக்குறாக

பாம்பன்காரி:
வர்ற மாசம் அம்மா தவறி ஒரு வருசம். வாசல்ல பந்தல் போடுறோம். சொந்தக்காரவுக, அம்மாகூட பாசிக்குப் போனவுக எல்லாருமா ஒரு 60 பேர் வருவாக. நான் நாலு நிமிசம் பேசணும். எழுதுனத மாமா மகன் திருத்திக் குடுத்தாரு, தமிழ் எம்.ஏ. படிச்சவரு. பிழை ஒண்ணும் இல்ல, அழகாத்தான் இருக்கு. ஆனா சின்னம்மா கேட்டது தலைப்புல இருக்கு. இத நான் பேசுற மாதிரி எப்படி ஆக்குறது? நடுவுல உள்ள ஒரு பத்தி:

"என் தாயார் தமது பதினான்காம் வயது முதற்கொண்டு பாசி சேகரிப்புத் தொழிலை மேற்கொண்டு வந்தார். பாசி என்பது கடலுக்கடியில் பாறைகளில் வளரும் தாவரமாகும். அதிகாலையில் எழுந்து, கடலின் சீற்றத்தையும் பொருட்படுத்தாது தீவுகளுக்குப் பயணித்து, குடும்பத்தின் வாழ்வாதாரத்தை நிலைநிறுத்தினார். அவரது கரங்கள் பாறைகளால் காயப்படுத்தப்பட்டிருந்தபோதிலும், ஒருபோதும் தமது துயரங்களை வெளிப்படுத்தியதில்லை."

மூக்கையூர் தம்பி:
அக்கா, இதுக்குப் போயி ரோசனையா? வார்த்தையோட கடைசிய மட்டும் மாத்துங்க, முடிஞ்சது சோலி. "என் தாயாரு பதினாலாவது வயசுலருந்து பாசி சேகரிப்புத் தொழில மேற்கொண்டு வந்தாங்க. கடலோட சீற்றத்தையும் பொருட்படுத்தாம தீவுகளுக்குப் பயணிச்சு, குடும்பத்தோட வாழ்வாதாரத்த நிலைநிறுத்துனாங்க." பாத்தீங்களா, பேச்சுத் தமிழ்.

ஒலிப்பெட்டி:
தம்பி, நீங்க எழுதுனத ஒருதடவ வாய்விட்டு வாசிச்சுப் பாருங்க. கலெக்டர் ஆபீஸ் நோட்டீசுக்குக் கைலி கட்டிவிட்ட மாதிரி இருக்கு. "வாழ்வாதாரத்த நிலைநிறுத்துனாங்க"ன்னு உங்க ஊர்ல யாராச்சும் டீக்கடையில சொல்லிக் கேட்டிருக்கீங்களா? விகுதி மாறியிருக்கு, உள்ள இருக்கிற ஆள் மாறல.

நான் வானொலிக்கு எழுதிப் பல வருசம் ஓட்டுனவன். மீனவர்கள் பேசுற நிகழ்ச்சிக்கு முன்னாடி எழுதிக் குடுத்து வாசிக்கச் சொல்வோம். ஒவ்வொருத்தருக்கும் காகிதத்தப் பாத்த உடனே பள்ளிக்கூடத்துல பாடம் ஒப்பிக்கிற குரல் வந்துரும். அந்தக் குரல் எந்த வார்த்தையில வருதோ, அங்கதான் கோளாறு.

அதனால பாம்பன்காரி, திருத்துன காகிதத்த மடிச்சு அலமாரியில வைங்க. அத வரிவரியா மாத்த உக்காந்தீங்கன்னா தம்பி செஞ்சதத்தான் நீங்களும் செய்வீங்க, ஏன்னா அந்த வாக்கியம் கண்ணுக்கு முன்னாடி நிக்கும். போனை ரெக்கார்டுல போட்டுட்டு சின்னம்மா பக்கத்துல உக்காருங்க. அம்மாவ அறியாத ஆள்கிட்ட சொன்னா விளக்கத்தான் செய்வீங்க, அறிஞ்ச ஆளா இருக்கணும். "அம்மா எப்படி பாசிக்குப் போகும், ஞாபகம் இருக்கா"ன்னு தொடங்குங்க. அஞ்சு நிமிசம் போதும். பதிவானத உள்ளது உள்ளபடி, "வந்து", "அதான்" எல்லாத்தோடயும் எழுதி இங்க போடுங்க.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, ஒரு மூத்தவனாகச் சொல்கிறேன். உங்கள் உறவினர் திருத்தியதில் குறை என்ன? நினைவு நாள் என்பது ஒரு சபை. சபைக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகிறோம், கைலியில் போவதில்லை. மொழிக்கும் அப்படி ஓர் உடுப்பு உண்டு. ஒலிப்பெட்டி அவர்கள் வானொலியைச் சொல்கிறார், அது வேறு. கேட்கிறவர்கள் பாசி எடுக்கும் பெண்கள் என்பதால் அவர்களுக்கு நல்ல தமிழ் வேண்டாம் என்று முடிவு செய்வது அவர்களைக் குறைத்து மதிப்பதாகாதா?

தேவிபட்டினம் வலைக்காரர்:
எனக்கும் இதே பிரச்சினைதான். போட்டுக்கு மானியம் கேட்டு நானே கைப்பட மனு எழுதுனேன், பேசுற மாதிரி. "முறையா எழுதிக் கொண்டாங்க"ன்னு திருப்பிட்டாங்க. அப்ப பேச்சுத் தமிழ் வேலைக்கு ஆகாதுல்ல?

ஒலிப்பெட்டி:
வலைக்காரரே, அது மனு. அத வாசிக்கிறவருக்கு உங்க குரல் தேவையில்ல, படகு எண்ணும் தேதியும் போதும். அங்க வாத்தியார் சொல்ற வேட்டியக் கட்டிக்கங்க.

ஐயா, நல்ல தமிழ் வேண்டாம்னு நான் சொல்லல. சின்னம்மாவுக்கு அந்தத் தமிழ் புரியாம இல்ல. புரிஞ்சுதான் கேட்டாக, "யாரப் பத்தி"ன்னு. அந்தப் பத்தியில வர்ற தாயார் எந்த ஊர்லயும் இருக்கலாம்.

பாம்பன்காரி:
நேத்து ராத்திரி சின்னம்மாகூட உக்காந்து பதிவு பண்ணுனேன். பாதியில ரெண்டு பேரும் அழுதுட்டோம், அத விட்டுட்டேன். மத்தது அப்படியே:

"அம்மா வந்து... விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சிரும்ல. சோறு வடிச்சு வச்சுட்டு, தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் போயிரும். நாங்க எந்திரிக்கும்போது அம்மா இருக்காது, சோறு இருக்கும். அதான்... சாயங்காலம் வரும், வந்து, கைய முந்தானைக்குள்ளயே வச்சிருக்கும். ஒரு நா நான் இழுத்துப் பாத்துட்டேன். விரல்ல சுத்துன துணி சதையோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தண்ணியில ஊறுனா தானா வந்துரும், போய்ப் படின்னுச்சு. காலுல தட்டக் கட்டிக்கிட்டு முங்கும்ல, அந்தத் தட்டக் கழுவி வாசல்ல சாத்தி வைக்கும். மரிக்கொழுந்துப் பாசி நல்லா வந்த அன்னைக்கு மட்டும் ஆளு பேசிக்கிட்டே வரும். அந்தக் காசுதான், வந்து, நான் நர்சிங் படிச்சது."

ஒலிப்பெட்டி:
இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்.

"அதிகாலையில் எழுந்து." ஊர்ல பாதிப்பேரு அதிகாலையிலதான் எந்திரிக்கிறாங்க. "நாங்க எந்திரிக்கும்போது அம்மா இருக்காது, சோறு இருக்கும்" உங்க வீட்டுக்கு மட்டும் உள்ளது. இதுல ஒரு எழுத்தத் தொடாதீங்க.

"காயப்படுத்தப்பட்டிருந்தபோதிலும்." கை கிழிஞ்சது, கிழிச்சது பாறை, ஆனாலும் சொல்லல. மூணு சேதிய ஒரே சொல்லுல அடைச்சிருக்கு. வாசிக்கும்போது உங்க நாக்கு இடறுமே, அது இங்கதான். பேசும்போது இத நாம பிரிச்சுப் பக்கத்துல பக்கத்துல வைப்போம். "கை கிழிஞ்சிருக்கும். காட்டாது." நடுவுல "போதிலும்" வேண்டியதில்ல, அத கேக்குறவங்களே போட்டுக்குவாங்க. "துயரங்களை வெளிப்படுத்தியதில்லை"ங்கிறதும் தன்னால போயிருச்சு. முந்தானைக்குள்ள கை இருக்கு, அது போதும்.

"வாழ்வாதாரம்" என்னன்னு தேடுனா உங்க நர்சிங் படிப்பு வருது. இந்த மாதிரி பெரிய சொல் எங்க வந்தாலும் அதுக்குள்ள ஒரு சாமான், ஒரு ஆள், ஒரு தொகை ஒளிஞ்சிருக்கும். வெளிய எடுத்து வைங்க. பாசின்னா என்னன்னு விளக்குற வரிய அடிச்சிருங்க. அம்மாகூட முங்குனவங்ககிட்ட போயி பாசி ஒரு தாவரம்னு சொல்லவா?

அதுக்காகப் பதிவ அப்படியே வாசிக்கக் கூடாது. "வந்து", "அதான்" பேச்சுல மூச்சு வாங்குற இடம். காகிதத்துல எழுதி வாசிச்சா நடிக்கிற மாதிரி ஆயிரும். "முங்கும்ல"ங்கிற "ல" சின்னம்மாவப் பாத்துச் சொன்னது, 60 பேருக்கு ஒண்ணு ரெண்டு இருந்தா போதும். பழைய காகிதத்துல ஒண்ணு நல்லா இருக்கு: வரிசை. 14 வயசு, கல்யாணம், நீங்க, நோய்னு ஒழுங்கா போகுது. வரிசைய அதுலருந்து எடுங்க, வாக்கியத்தப் பதிவுலருந்து எடுங்க. நிமிசத்துக்கு 80, 90 வார்த்தைதான் நிதானமா வாசிக்க முடியும், அழுகையும் வரும். 300 தாண்ட வேண்டாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
"காட்டாது" பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். நானும் மாணவர் கட்டுரைகளில் "போதிலும்" போடச் சொல்லியே வளர்த்தவன், அதை யோசிக்கிறேன். ஆனால் வேறொன்று உறுத்துகிறது. "அம்மா எந்திரிச்சிரும்", "பேசிக்கிட்டே வரும்" என்கிறாரே. பெற்ற தாயை அஃறிணையில் சொல்லி, அதை ஊரைக் கூட்டி வாசிப்பதா? வீட்டுக்குள் அது பாசம், மைக்கில் அது மரியாதைக் குறைவு. குறைந்தது "எந்திரிச்சிருவாக" என்றாவது இருக்கட்டும். அதுவும் உங்கள் வட்டாரப் பேச்சுத்தானே?

மூக்கையூர் தம்பி:
ஐயா சொல்றது சரி. எங்க வீட்டுல அப்பத்தாவ "வருவாக, போவாக"ன்னுதான் சொல்வோம்.

தொண்டி ராத்தா:
அப்பத்தா வேற, அம்மா வேற தம்பி. எங்க வீட்டுல வாப்பா "சொன்னாக", உம்மா "சொல்லுச்சு". உம்மாவ "சொன்னாக"ன்னு சொன்னா, என்ன கோவம் இவளுக்குன்னு கேப்பாக. எனக்கு "எந்திரிச்சிரும்" வாசிக்கையிலேயே கண்ணு கலங்கிருச்சு. "எந்திரிச்சிருவாக"ன்னு இருந்தா பக்கத்து வீட்டு அம்மான்னு நெனச்சிருப்பேன்.

ஒலிப்பெட்டி:
இதுல நான் நடுவுல நிக்கிறேன். வானொலியில ஒருத்தர் அவங்க அம்மாவ "சொல்லும்"னு சொன்னதுக்கு வெளியூர்லருந்து கண்டிச்சு போன் வந்திருக்கு, உள்ளூர்லருந்து வந்ததில்ல. பந்தல்ல வெளியூர்ச் சம்பந்தம் எத்தன பேருன்னு பாருங்க. ஒண்ணு மட்டும்: பாதி "வரும்", பாதி "வருவாக"ன்னு கலக்காதீங்க. பயந்து பயந்து மாத்துன மாதிரி கேக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
என் கருத்தில் மாற்றமில்லை. ஆனாலும் வாசிக்கப்போவது அவர், என் தாயைப் பற்றியும் அல்ல.

பாம்பன்காரி:
ஒரு வழியா எழுதிட்டேன். அந்தப் பத்தி இப்ப இப்படி:

"அம்மாவுக்கு 14 வயசு, முதல்தடவ பாசிக்குப் போகும்போது. எனக்கு விவரம் தெரிஞ்சு, நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சு சோறு வடிச்சு வச்சுட்டுப் போயிரும். நாங்க எந்திரிக்கும்போது அம்மா இருக்காது, சோறு இருக்கும். சாயங்காலம் வரும்போது கைய முந்தானைக்குள்ளயே வச்சிருக்கும். ஒரு நா இழுத்துப் பாத்துட்டேன். துணி சதையோட ஒட்டியிருந்துச்சு. 'தண்ணியில ஊறுனா தானா வந்துரும், போய்ப் படி'ன்னுச்சு. படிச்சேன். நர்சிங் ஃபீஸ் பாசிக் காசு. காலுல கட்டுற தட்ட தெனம் கழுவி வாசல்ல சாத்தி வைக்கும். அது இன்னும் அங்கதான் இருக்கு."

"வரும்"னே வச்சுட்டேன். ஐயா மன்னிக்கணும். முதல்லயும் கடைசியிலயும் வர்ற நன்றிய மட்டும் மாமா மகன் எழுதுன தமிழ்லயே விட்டுட்டேன், அவருக்கும் மனசு கோணக் கூடாதுல்ல.

சின்னம்மாகிட்ட வாசிச்சேன். இந்தத்தடவ யாருன்னு கேக்கல. பாதியில கையக் காட்டி நிப்பாட்டி, "அந்தத் தட்டு என்னோடது. உங்கம்மாவுக்குத் தட்டே ஆகாது, வெறுங்காலோடதான் முங்குவா. எனக்காகத்தான் கழுவி வைப்பா"ன்னாக. இப்ப கடைசி ரெண்டு வரிய மறுபடி எழுதணும்.