புதுப்பிப்பு: பலகை போயிற்று, ரோஜா வெளிச்சம் போகவில்லை

“மதுரை டவுன்ஹால் ரோட்டில் மழை விட்ட இரவில் எடுத்த படம். கண்ணைக் கூசும் ரோஜா நிற நியான் பலகையை அழித்துவிட்டேன். ஆனால் ஈர ரோட்டிலும் பக்கத்து ஷட்டரிலும் ரோஜா அப்படியே நிற்கிறது. என்ன செய்ய?”

போன வாரம் நான் கேட்டது. நிறச்செறிவைக் குறைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னதை முதலில் செய்தேன். ரோஜா போய், அதே பளிச்சோடு சாம்பல் திட்டு வந்தது. பலகை தந்தது நிறம் மட்டுமில்லை, வெளிச்சமும்தான். ஸ்டூடியோவில் ரீடச் செய்யும் அண்ணன்தான் சுட்டினார்: முதலில் இருட்டாக்கு, அப்புறம் நிறத்தைத் தொடு.

சரி என்று Curves லேயரில் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக இறக்கினேன், பச்சையைக் கொஞ்சம். தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறையுமே, அதனால் மாஸ்க்கில் பலகை இருந்த இடத்தை மையமாக வைத்து வட்ட கிரேடியன்ட். ரோட்டுக்கு இது சரிவரவில்லை. அங்கே பிரதிபலிப்பு கேமராவை நோக்கி நீளமாக ஓடுகிறது. தனி மாஸ்க் வரைய வேண்டியிருந்தது. கடைசியில் Color கலப்பில், எதிர் டீக்கடை டியூப்லைட்டின் நிறத்தை மெலிதாகப் பூசினேன். சிவப்பு 255-ஐத் தொட்ட இடத்தில் மீட்க ஒன்றுமில்லை. பக்கத்து ஈரத் தாரை குளோன் செய்தேன்.

“என் படத்தில் கடைப் பெயரை மங்கலாக்கினேன், அது போதாதா?” என்றவருக்கு: பெயர் எனக்குத் தொல்லையில்லை, பளிச்சுதான்.

ஆட்டோ கண்ணாடியில் இன்னும் ஒரு ரோஜாக் கீற்று. அண்ணன் எடுக்கச் சொல்கிறார். படத்துக்கு வெளியே வேறு பலகை இருப்பதாகப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார் என்பது என் கட்சி.