லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸில் சரியாக 8 மணி நேரம் பின்னால் காட்டுகிறது, ஏன்?

குலைக்கணக்கு, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா செம்பனைக் குலை வெட்டும் குத்தகை எடுத்துச் செய்கிறார். லாரி எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்ற கணக்கை நான் மடிக்கணினியில் விரிதாளில் எழுதி வைக்கிறேன். தேதிக்கு `Ctrl+;`, நேரத்துக்கு `Ctrl+Shift+;` என்று தட்டிவிட்டுப் போய்விடுவேன்.

போன மாதம் தம்பி அதே மடிக்கணினியில் விண்டோஸ் 10 பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து விண்டோஸில் நேரம் தவறு. காலை 6.40க்குப் பெரட்டு முடிந்து முதல் லாரி போகும்போது கணினியில் முந்தின நாள் இரவு 10.40 என்று இருக்கிறது. அதனால் செவ்வாய்க்கிழமை லாரி திங்கட்கிழமைக் கணக்கில் விழுகிறது. அப்பாவுக்கும் லாரிக்காரருக்கும் இதனால் ஒரு நாள் வாக்குவாதமே வந்துவிட்டது.

வீட்டில் இணையம் இருக்கும்போது `Sync now` அழுத்தினால் சரியாகிறது. ஆனால் அதற்கப்புறம் லினக்ஸைத் திறந்தால் அங்கே முதலில் 8 மணி நேரம் முன்னால் காட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. மறுபடி விண்டோஸுக்கு வந்தால் பழைய கதைதான். குலை ஏற்றும் இடத்தில் லைன் கிடையாது, அங்கே `Sync now` உதவாது. கணினி கெட்டுவிட்டதா?

ரிப்பேர்கடை, தாப்பா

பேட்டரி போயிருக்கும் தங்கச்சி. உள்ளே பத்து காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று எழுதியிருக்கும். விலை கொஞ்சம்தான், மாற்றினால் நேரம் நிற்கும். கடைக்கு வரும் பத்துப் பழைய கணினியில் பாதிக்கு இதே பிரச்சினைதான்.

மிண்ட்பிரியன்

பேட்டரி எல்லாம் இல்லை. லினக்ஸும் விண்டோஸும் ஒரே கடிகாரத்தை வேறு வேறு விதமாகப் படிக்கின்றன. மிண்டில் டெர்மினல் திறந்து இதைத் தட்டுங்கள், முடிந்தது. நான் மூன்று வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

```
timedatectl set-local-rtc 1
```

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈப்போ

என் மடிக்கணினியிலும் நேரம் தவறாகத்தான் காட்டுகிறது அம்மா. ஆனால் எனக்கு 4 நிமிடம் மட்டும் பின்னால். லினக்ஸ் எதுவும் போடவில்லை. நானும் அந்த வரியைத் தட்டலாமா?

டெர்மினல்_அண்ணன், பட்டர்வொர்த்

சார், உங்களுடையது வேறு. விண்டோஸில் அந்த வரி வேலை செய்யாது, தட்ட வேண்டாம். 4 நிமிடம் என்பது கடிகாரம் மெதுவாக ஓடுகிறது அல்லது இணையத்தோடு ஒத்துப்பார்ப்பது நின்றுபோயிருக்கிறது என்பதன் அடையாளம்.

தங்கையின் பிரச்சினையைப் பார்ப்போம். முதலில் அந்த 8 என்ற எண்ணைக் கவனியுங்கள். பேட்டரி போனால் வித்தியாசம் இவ்வளவு சுத்தமாக வராது. கணினியை மின்சாரம் இல்லாமல் வைத்திருந்து திறந்தால் பல வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தேதிக்குப் போய் நிற்கும், நிமிடமும் பொருந்தாது. இங்கே நிமிடம் அப்படியே சரியாக இருக்கிறது, மணி மட்டும் 8 குறைகிறது. மலேசிய நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னால். அந்த 8தான் இது.

தாய்ப்பலகையில் ஒரு சின்னக் கடிகாரம், கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத் தெரிந்தது நொடி, நிமிடம், மணி, நாள், மாதம், வருடம், அவ்வளவுதான். எந்த ஊர் நேரம் என்று எழுதிவைக்க அதில் இடமே இல்லை. அதனால் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் அதிலுள்ளதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. டாஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. டாஸுக்கு நேர மண்டலம் என்ற எண்ணமே கிடையாது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்த நேரம்தான் நேரம். லினக்ஸ் யூனிக்ஸ் வழக்கப்படி யூடிசி என்று எடுத்து, அதோடு 8 கூட்டித் திரையில் காட்டுகிறது.

இப்போது உங்கள் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான நேரம் செவ்வாய் 6.40. லினக்ஸ் உள்ளே எழுதிவைப்பது திங்கள் 22.40, யூடிசிப்படி அது சரி. விண்டோஸ் எழுந்து அந்த 22.40ஐ அப்படியே திரையில் போடுகிறது. நீங்கள் `Sync now` அழுத்தினால் விண்டோஸ் உள்ளே 6.40 என்று திருத்தி எழுதுகிறது. அடுத்து லினக்ஸ் எழுந்து, 6.40தான் யூடிசி போலிருக்கிறது என்று 8 கூட்டி மதியம் 2.40 காட்டுகிறது. இணையம் கிடைத்ததும் தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி உள்ளே யூடிசியை எழுதிவிடுகிறது. இணைய நேரத்தோடு ஒத்திருக்கும்வரை லினக்ஸ் கருவகம் வழக்கமாக 11 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தில் எழுதும். அதனால் விண்டோஸ் பக்கம் எத்தனை முறை கையால் திருத்தினாலும் நிற்காது. கணினி கெடவில்லை. இரண்டு கிராணிகள் ஒரே பேரேட்டில் வேறு வேறு கணக்கு எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

மிண்டில் வெறும் `timedatectl` என்று தட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். கீழே இருப்பது என் கணினியில் வந்தது:

```
      Local time: Tue 2025-06-10 20:15:42 +08
  Universal time: Tue 2025-06-10 12:15:42 UTC
        RTC time: Tue 2025-06-10 12:15:42
       Time zone: Asia/Kuala_Lumpur (+08, +0800)
 RTC in local TZ: no
```

மூன்றாவது வரிதான் தாய்ப்பலகைக் கடிகாரம். அது இரண்டாவது வரியோடு ஒத்துப்போனால் உள்ளே யூடிசி இருக்கிறது.

மிண்ட்பிரியன் சொன்னது லினக்ஸை விண்டோஸ் வழிக்கு இழுப்பது. வேலை செய்யும். ஆனால் நான் மறுபக்கம் போகச் சொல்வேன், விண்டோஸை யூடிசிக்கு மாற்றுங்கள். Command Prompt-ஐ `Run as administrator` என்று திறந்து:

```
reg add "HKLM\SYSTEM\CurrentControlSet\Control\TimeZoneInformation" /v RealTimeIsUniversal /t REG_DWORD /d 1 /f
```

பிறகு `Restart` கொடுத்து லினக்ஸுக்கு ஒருமுறை போய், இணையத்தில் நேரம் சரியானதும் மறுபடி `Restart` கொடுத்து விண்டோஸுக்கு வாருங்கள். விண்டோஸில் `Shut down` வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் அது முழுதாக அணையாது.

மிண்ட்பிரியன்

எதற்கு ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டும் அண்ணா? என்னுடையது ஒரே வரி. மூன்று வருடத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

டெர்மினல்_அண்ணன், பட்டர்வொர்த்

நம் நாட்டில் இருந்ததால் தவறவில்லை தம்பி. கோடையில் ஒரு மணி நேரம் மாற்றும் நாடுகளில் விண்டோஸும் கடிகாரத்தைத் தள்ளும், லினக்ஸும் தள்ளினால் இரண்டு முறை மாறிவிடும். உள்ளூர் நேரம் வைத்திருக்கும்போது `timedatectl` தட்டிப் பாருங்கள், அதுவே ஓர் எச்சரிக்கை போடும். இங்கே நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈப்போ

இங்கேயும் ஒருமுறை மாறியது தம்பி. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு மணியை 12 ஆக்கினார்கள், 1982 பிறந்துவிட்டது. அதுவரை நாம் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தோம். பள்ளிக்கூடச் சுவர்க் கடிகாரத்தை நானே ஏறித் திருப்பி வைத்தேன்.

என் 4 நிமிடத்துக்கு `Sync now` அழுத்திப் பார்த்தேன், சரியானது. மூன்று நாளில் மறுபடி 1 நிமிடம் பின்னால் போய்விட்டது.

குலைக்கணக்கு, சுங்கை சிப்புட்

அண்ணா, இப்போது தலைகீழாகிவிட்டது! நேற்றுக் காலையில் மிண்ட்பிரியன் கொடுத்த வரியைத் தட்டியிருந்தேன், விண்டோஸ் சரியானது. சாயங்காலம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உங்களுடையதையும் செய்தேன். இப்போது விண்டோஸ் 8 மணி நேரம் முன்னால் காட்டுகிறது. மதியம் 3 மணி என்று இருக்க வேண்டியது இரவு 11 என்கிறது.

டெர்மினல்_அண்ணன், பட்டர்வொர்த்

இதை முதலிலேயே நான் எச்சரித்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள் தங்கை. இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். லினக்ஸ் இப்போது உள்ளூர் நேரம் 15.00 என்று எழுதுகிறது. விண்டோஸ் அதை யூடிசி என்று நம்பி 8 கூட்டி 23.00 காட்டுகிறது. இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். லினக்ஸில் நேரம் சரியாகக் காட்டும்போது இதைத் தட்டு:

```
timedatectl set-local-rtc 0
```

தட்டியதுமே உள்ளே யூடிசி எழுதப்படும். அப்புறம் `Restart`.

ரிப்பேர்கடை, தாப்பா

ஒரு சந்தேகம். இப்படி மாற்றிய பிறகு பயாஸ் திறந்தால் அங்கே என்ன நேரம் இருக்கும்?

டெர்மினல்_அண்ணன், பட்டர்வொர்த்

யூடிசிதான் அண்ணா, நம் நேரத்தைவிட 8 மணி குறைவாக. இந்த மாதிரி கணினி உங்கள் கடைக்கு வந்தால் பயாஸில் நேரம் தவறு என்று திருத்திவிடாதீர்கள். இணையம் கிடைக்கும்வரை இரண்டு பக்கமும் 8 மணி நேரம் முன்னால் ஓடும்.

ரிப்பேர்கடை, தாப்பா

அடடா. போன மாதம் ஒரு மாணவனுடைய கணினியில் அதைத்தான் செய்து அனுப்பினேன். இரண்டு முறை திரும்பக் கொண்டுவந்தான், பேட்டரியும் மாற்றினேன். இன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன், பேட்டரிக் காசையும் திருப்பித் தருகிறேன்.

குலைக்கணக்கு, சுங்கை சிப்புட்

சரியாகிவிட்டது! நேற்றும் இன்றும் இரண்டு பக்கமும் மாறி மாறித் திறந்து பார்த்தேன், குலை ஏற்றும் இடத்தில் லைன் இல்லாமலும் 6.40 என்றே காட்டியது. மிக்க நன்றி அண்ணா.

இனி பழைய கணக்கு. நான்கு வாரப் பதிவில் விண்டோஸில் எழுதியதும் இருக்கிறது, லினக்ஸில் எழுதியதும் இருக்கிறது, `Sync now` அழுத்திய நாட்களும் கலந்திருக்கின்றன. எல்லாவற்றோடும் 8 கூட்டிவிடலாமா?

டெர்மினல்_அண்ணன், பட்டர்வொர்த்

கூட்டாதே. சரியானவையும் கெட்டுவிடும். உங்கள் லாரி இரவில் ஓடாது அல்லவா? அப்படியானால் இரவு 10 முதல் விடிகாலை 4 வரை விழுந்த பதிவுகள் எல்லாம் தவறு என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருந்தால் பக்கத்துக் கட்டத்தில்:

```
=A2+TIME(8,0,0)
```

தேதியும் சேர்ந்தே அடுத்த நாளுக்கு நகரும். தனித்தனிக் கட்டமாக இருந்தால் `=A2+B2+TIME(8,0,0)`.

சிக்கல் காலை 7 முதல் 10 வரை காட்டும் பதிவுகளில். அது உண்மையான காலையாகவும் இருக்கலாம், 8 மணி குறைந்துபோன மதியம் 3 முதல் 6 ஆகவும் இருக்கலாம். கணக்கை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆலையில் எடை போடும்போது கொடுக்கும் சீட்டில் நேரம் இருக்குமே, அதோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்.

குலைக்கணக்கு, சுங்கை சிப்புட்

பார்த்துவிட்டேன் அண்ணா. சந்தேகமாக இருந்தவை 19. அதில் 16க்கு எடைச் சீட்டு கிடைத்தது, 9 மதியப் பதிவு, 7 காலைப் பதிவு. மூன்றுக்குச் சீட்டு காணவில்லை. லாரிக்காரரைக் கேட்டால் அவர் ஒன்று சொல்கிறார், அப்பா ஒன்று சொல்கிறார். அந்த மூன்றையும் மஞ்சள் நிறம் போட்டு அப்படியே வைத்திருக்கிறேன்.