ஈரத் தெருவுல சிவப்புக் குடை: ரிஃப்ளெக்ஷன் ஏன் ஒட்டுன மாதிரி தெரியுது?

தூறல்:
மழைக்கால சேலுக்கு ஒரு படம் பண்றேன். மஞ்சள் ரெயின்கோட் போட்ட பொண்ணு, கையில சிவப்புக் குடை, பின்னாடி சாம்பல் வானம், கீழ ஈரத் தெரு. பொண்ண ஸ்டூடியோல ஸ்டூல் மேல ஏறி நின்னு எடுத்தேன், தெரு தனிப் படம். ஆள அப்படியே தலைகீழா ஃப்ளிப் பண்ணி ஒபாசிட்டி கொறச்சு வச்சேன். பாக்குறவங்க எல்லாம் ஒட்டுன மாதிரி இருக்குங்குறாங்க, சிவப்பும் வெளுத்து ரோஸ் ஆயிடுது. எங்க தப்பு?

பழையலென்ஸ்:
தப்பு ஒட்டுனதுதான். மழை நின்ன உடனே தெருவுல எடுங்க. மேகம் மூடுன வெளிச்சத்துல நிழல் விழாது, கலர் தானா எடுத்துக் காட்டும். மழை பெய்யும்போது எடுத்தா சொட்டு விழுந்து விழுந்து தேங்குன தண்ணி கலங்கி ரிஃப்ளெக்ஷன் உடைஞ்சிரும், அதனால நின்ன உடனே. லென்ஸ்ல போலரைசர் மாட்டிக்கோங்க, கலர் நல்லா ஏறும்.

ஓரப்பார்வை:
போலரைசர்ல பாதிதான் சரி அண்ணே. ரெயின்கோட் மேல இருக்குற வெள்ளப் பளபளப்ப அது எடுத்துரும், மஞ்சள் அடர்த்தியாகும், உண்மை. ஆனா அதே வளையத்துல தெருவோட ரிஃப்ளெக்ஷனும் போயிரும். தரைய சுமார் 37 டிகிரி சாய்வுல பாக்குற இடத்துல கிட்டத்தட்ட முழுசா அழிஞ்சிரும், இந்தப் படத்துக்கு உயிரே அதுதான். மாட்டுனா வளையத்த திருப்பித் திருப்பி தெருவப் பாத்துக்கிட்டே நிறுத்தணும், இல்லன்னா கழட்டிடுறது நல்லது.

தூறல், உங்க படத்துல ரெண்டு தப்பு. மொதல்ல குடை. நீங்க ஸ்டூல் மேல நின்னதால குடையோட மேல்துணி வட்டமாத் தெரியுது. அத ஃப்ளிப் பண்ணா கீழயும் மேல்துணிதான் வரும். ஆனா ஈரத் தரைங்குறது கண்ணாடி, அதுல தெரியுறது தரைக்குக் கீழ அதே ஆழத்துல ஒரு கேமரா இருந்து மேல பாத்தா என்ன தெரியுமோ அது. குடைக் கம்பி, காம்பு, பொண்ணோட தாடை, குடையோட உள்பக்கம், இதெல்லாம்தான் அங்க வரணும். பாக்குறவங்களுக்கு இத சொல்லத் தெரியாது, ஆனா கண்ணு இடறும்.

நீலக்கோட்டு:
அவ்வளவு வேண்டாம் ப்ரோ. சேல் படத்த ரெண்டு செகண்ட் பாத்துட்டு தள்ளிட்டுப் போயிருவாங்க, எவனும் கம்பி எண்ண மாட்டான். ரோஸ் ஆகுறதுக்குக் காரணம் ப்ளெண்ட் மோட். ரிஃப்ளெக்ஷன் வெளிச்சத்தக் கூட்டுது, அதனால லேயர ஸ்க்ரீன்ல போடணும், நார்மல்ல ஒபாசிட்டி கொறச்சா சேறு மாதிரி ஆயிரும். அப்புறம் நெட்டுக்குத்தா கொஞ்சம் மோஷன் ப்ளர். முடிஞ்சது.

ஓரப்பார்வை:
நெட்டுக்குத்து ப்ளர் சரிதான், ஈரத் தார்ல வெளிச்சம் மேலயும் கீழயும்தான் இழுபடும், பக்கவாட்டுல அவ்வளவு இழுபடாது. ஸ்க்ரீன் மட்டும் போட்டா இன்னும் வெளுக்கும், அதுதான் ரெண்டாவது தப்பு.

தூறலோட தெருப் படம் தனியா, ஆள் இல்லாம எடுத்தது. அந்த ஈரத்துல ஏற்கனவே வானம் பிரதிபலிச்சு நிக்குது, அந்த வெளிறின சாம்பல் பளபளப்பு முழுக்க வானத்தோடது. நிஜத்துல ஒரு குடை அங்க நின்னா, தரையில குடை தெரியுற இடத்துல வானம் தெரியாது, குடை அத மறைச்சிரும். மீதி இருக்குறது கருத்த தாரும் அது மேல குடையோட சிவப்பும். அதனாலதான் நிஜ ஈரத்துல சிவப்பு ஆழமா இருக்கு. நீங்க வானத்த எடுக்காம அது மேலயே சிவப்ப ஊத்துனா, சாம்பலும் சிவப்பும் சேர்ந்து ரோஸ்.

செய்ய வேண்டியது இதுதான். ஃப்ளிப் பண்ண ஆளோட உருவத்த மட்டும் மாஸ்க்கா எடுத்து, கலர் லேயருக்கு அடியில மல்டிப்ளை மோட்ல கருப்பா ஒண்ணு வைங்க. எவ்வளவு கருப்புன்னு சந்தேகமா இருந்தா தெருப் படத்துலயே நிறுத்தியிருக்குற வண்டிக்கு அடியில இருக்குற ஈரத்தப் பாருங்க, அங்க வானம் விழாது, அந்த அளவுக்கு இருட்டு வந்தா போதும். அது மேல ஸ்க்ரீன்ல கலர் லேயர். கருப்பு லேயருக்கும் அதே ப்ளர் கொடுக்கணும், மறந்தா ஓரத்துல வெட்டுன கோடு தெரியும்.

நீலக்கோட்டு:
மல்டிப்ளை விஷயம் ஒத்துக்கறேன், அத யோசிக்கல. முன்னாடி நீளமான கோட்டு போட்ட ஆள் படம் ஒண்ணுக்கு நான் ஸ்க்ரீன் மட்டும் போட்டு ஓடிருச்சுன்னா, அதுக்குக் காரணம் அந்தத் தெரு ராத்திரித் தெரு, வானமே இல்ல. ஆனா குடைக்கு உள்பக்கம் தேடி மறுபடி ஷூட் வைக்கிறது வேஸ்ட்னுதான் இன்னும் சொல்வேன்.

கம்பிக்குடை:
எனக்கு நடந்தத சொல்றேன். நான் நிஜமாவே தெருவுலதான் எடுத்தேன், ரிஃப்ளெக்ஷன் அச்சு அசலா வந்துச்சு, ஆனா அந்தக் குடைக்கு உள்பக்கம் வெள்ளி பூச்சு, வெளியில சிவப்பு, கீழ தண்ணியில முழுக்க வெள்ளியாத் தெரிஞ்சது. படம் கேட்டவங்க "எங்க குடை சிவப்பு, கீழ ஏன் வேற குடை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது நிஜம்னு எவ்வளவு சொல்லியும் எடுபடல, கடைசில கீழயும் சிவப்பாக்கித்தான் கொடுத்தேன். பூச்சு இல்லாத மெல்லிய துணின்னா வேற தொல்ல, வெளிச்சம் துணி வழியா இறங்கி மூஞ்சி முழுக்க சிவப்பு அடிக்கும்.

பழையலென்ஸ்:
அப்படின்னா கீழ வெள்ளி தெரியட்டுமே. உள்பக்கம் பூச்சு இருக்குங்குறதும் வாங்குறவனுக்குத் தெரியணும்தானே. நிஜத்த எடுத்தவர் ஏன் மாத்தணும்?

தூறல்:
மறு ஷூட்டுக்கு ஒரு நாள் கிடைக்கும், ஆனா பொண்ணு ஸ்டூடியோக்குத்தான் வருவாங்க. தரைக்குக் கீழ கேமரா வைக்க முடியாதே, உள்பக்கத்த எப்படி எடுக்குறது ஓரப்பார்வை அண்ணா?

ஓரப்பார்வை:
தரைய இறக்க வேண்டாம், பொண்ண ஏத்துங்க. மேஜை 75 சென்டிமீட்டர் உயரம்னு வைங்க. கேமராவ தரையில வச்சா லென்ஸ் ஒரு 10 சென்டிமீட்டர்ல இருக்கும், அப்ப அது பாதத்துக்கு 65 சென்டிமீட்டர் கீழ. அதனால முதல் படத்த பொண்ணு தரையில நிக்க, லென்ஸ் 65 சென்டிமீட்டர் உயரத்துல எடுக்கணும். தூரம், லென்ஸ், போஸ் மூணும் மாறக் கூடாது, கேமராவ மேல கீழ சாய்க்காம நேரா வைங்க. ரெண்டாவது படத்த ஃப்ளிப் பண்ணா அதுதான் ரிஃப்ளெக்ஷன். மேஜையோட விளிம்புலயே நிக்க வைங்க, உள்ள தள்ளி நின்னா விளிம்பு காலணிய மறைச்சிரும். மேஜை ஆடாம ஒருத்தர் பிடிச்சுக்கட்டும்.

சரி பாக்க ஒரு வழி. குடை நுனிக்கும் தண்ணியில அதோட நுனிக்கும் கோடு போடுங்க, கோடு செங்குத்தா நிக்கணும். ஒரு கால் 10 சென்டிமீட்டர் தூக்கியிருந்தா அந்தக் காலுக்கும் அதோட பிரதிபலிப்புக்கும் நடுவுல 20 சென்டிமீட்டர் இடைவெளி வரணும். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா மாத்துங்க.

தெருப் படமும் அதே தாழ்வான உயரத்துல எடுத்ததா இருக்கணும், இது முக்கியம். ஸ்டூல் உயரத்துல எடுத்த தெரு பொருந்தாது.

நீலக்கோட்டு:
அதுக்கு குடைய தோள்ல சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. உள்பக்கம் கேமராவப் பாத்து இருக்கும், மேலயும் உள்பக்கம், கீழயும் உள்பக்கம், ஃப்ளிப்பே போதும்.

கம்பிக்குடை:
அப்ப வெளித்துணியே தெரியாதே, விக்கிறது அதத்தானே.

தூறல்:
பழைய படத்துலயே கருப்பு லேயர் போட்டுப் பாத்தேன், ரோஸ் போயிருச்சு, சிவப்பு சிவப்பாவே நிக்குது. வானத்த மட்டும் தொடாம விட்டு கோட்ல லேசா மஞ்சள் ஏத்துனேன், முன்னாடி மொத்தப் படத்துக்கும் சாச்சுரேஷன் ஏத்துனதுல சாம்பல் வானம் நீலமாயிருந்துச்சு. மேஜை ஷூட் வியாழக்கிழமை வச்சிருக்கேன். குடைய இப்பத்தான் விரிச்சுப் பாத்தேன், உள்பக்கம் கருப்புப் பூச்சு. கீழ கருப்பாத்தான் வரும் போல, சிவப்பாக்கணுமா விடணுமான்னு தெரியல.

பழையலென்ஸ்:
விடுங்க.

கம்பிக்குடை:
மாத்தி ஒண்ணு, மாத்தாம ஒண்ணு, ரெண்டையும் கையில வச்சுக்கோங்க.